கிடுகுக்கு அந்தப் பக்கம்

மருத்துவிச்சி நேசமலர் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் குடையை மடக்கி ஒரு மூலையில் சாய்த்து வைப்பாள். செம்பில் தண்ணீர் வாங்கி, முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவுவாள். ஈரக் கைகளை உதறிக்கொண்டே பிள்ளை கிடக்கும் பாய்க்குப் பக்கத்தில் போய்க் குந்துவாள். பிள்ளையைத் தொட மாட்டாள். தன் முகம் அதன் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி நிற்கும்படி குனிந்து, புருவத்தை உயர்த்தி, "என்ன ராசா, சுகமே?" என்று இழுத்துக் கேட்பாள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வாள். மனதுக்குள் மெல்ல எண்ணத் தொடங்குவாள்.

ஒன்றரை மாதம் தாண்டிய பிள்ளை என்றால் நாலு, ஐந்து எண்ணும்போதே கைகால் அடிப்பதை நிறுத்திவிடும். கண் அவள் கண்ணில் வந்து நிற்கும். பிறகு உதட்டோரம் அசையும். சிரிப்பு வாயில் தொடங்கிக் காலில் போய் முடியும். இன்னும் ஒரு மாதம் போனால் சிரிப்போடு "ங்கூ" என்று ஒரு சத்தமும் சேர்ந்து வரும். அது முடியும் மட்டும் நேசமலர் பொறுத்திருந்து, "அப்பிடியே? பிறகு?" என்பாள். மறுபடி வாயை மூடிக்கொள்வாள்.

"மிசி வந்தால் பிள்ளையளோடைதான் கதை. எங்களைக் கண்ணிலையும் தெரியாது" என்று தாய்மார் நையாண்டி பண்ணுவார்கள்.

"உங்களோடை என்னத்தைக் கதைக்கிறது? நீங்கள் நான் முடிக்கிறதுக்கு முதலே தொடங்கிவிடுவியள். இதுகள் முறை தெரிஞ்சதுகள்" என்பாள் அவள்.

சிரிக்கிற பிள்ளைக்குப் பாதி வைத்தியம் முடிந்தது என்பதும் அவள் பேச்சுத்தான். பதினொரு வருட உத்தியோகத்தில் இதை அவள் எத்தனை தாய்மாருக்குச் சொல்லியிருப்பாள் என்று கணக்கில்லை.

ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்திரண்டாம் ஆண்டு, நெடுங்கேணிக்குத் தெற்கே புதிதாகக் காடு வெட்டிக் குடியேற்றிய வாய்க்கால் காணிகளுக்கு அவளை மருத்துவிச்சியாகப் போட்டார்கள். அதற்கு முன் ஒரேயொரு தரம்தான் அங்கே வந்திருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன், அந்தப் பகுதி மருத்துவிச்சி லீவில் நின்ற நாளில், ஒரு பாலை மரத்தின் கீழ் கிளினிக் பார்க்க அனுப்பியிருந்தார்கள். அறுபது எழுபது பிள்ளைகள். வெயில். அந்த நாளில் அவளுக்கு நினைவில் நின்றது தலையில் விழுந்த பாலைப்பழம் மட்டும்தான்.

மூன்றாம் வாய்க்காலில் கடைசிக் காணி சின்னராசாவுடையது. வடமராட்சியில் இருந்து வந்தவன். மண்வெட்டி பேசினாலும் அவன் பேசமாட்டான் என்று ஊரில் சொல்வார்கள். அவன் மனைவி இராசேஸ்வரி நேசமலரின் கையில்தான் பெற்றாள். ஆண்பிள்ளை. பிள்ளை அழுததும் எந்தத் தாயும் தலையைத் தூக்குவாள். இவள் தூக்கவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "துணியாலை மூடுங்கோ மிசி" என்றாள்.

பத்தாம் நாள் போனபோது பிள்ளை நித்திரையில் சிரித்தது. கண் மூடியிருக்க, உதடு ஒரு கணம் கோணி விரிந்து மறைந்தது.

"நரி வெருட்டுது" என்றாள் நேசமலர், நித்திரையில் சிரிக்கும் பிள்ளைக்கு எல்லாரும் சொல்வதுபோல. "இது கணக்கில்லை. ஒண்டரை மாசம் போகட்டும். உம்மடை முகத்தைப் பாத்துச் சிரிப்பான், அதுதான் கணக்கு."

இராசேஸ்வரி எழுந்து வந்து, பிள்ளையின் முகத்தில் மெல்லிய துணியைப் போட்டாள்.

ஏன் என்பதை ஸக்கியா சொன்னாள். ஸக்கியா, நெடுங்கேணிச் சந்தியில் கடை வைத்திருந்த கச்சு முகம்மதுவின் மனைவி. வாய்க்கால் வீடுகளில் நெல் வாங்க வரும் வண்டியில் கணவனோடு ஏறி வந்து, அவன் நெல் அளந்து முடிகிற மட்டும் வீட்டுக்கு வீடு பேசித் திரிவாள். சொந்தப் பிள்ளை இல்லை.

"அவன் என்ட பிள்ளையல்லோ மிசி. ரெண்டு கொத்துத் தவிட்டுக்கு வாங்கினனான்" என்றாள் சிரித்துக்கொண்டு. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "மூத்தது பொம்பிளைப் பிள்ளை. பத்மாசனி. அஞ்சு மாசத்திலை காய்ச்சலும் வலிப்பும் வந்து போயிட்டுது. ஆரைக் கண்டாலும் சிரிக்குமாம். ஊர் முழுக்கத் தூக்கிக் கொஞ்சினதாம். அதாலைதான் கண்பட்டது எண்டு இவக்கு எண்ணம். இந்தப் பிள்ளையைத் தன்ட பிள்ளை எண்டு காட்டாமல் வளக்கோணுமாம். என்னட்டை வித்துப்போட்டு, பால் குடுக்கிற கூலிக்காரி மாதிரி இருக்கிறா. பேரும் இல்லை. தவிடன் எண்டுதான் கூப்பிடுறது. கூப்பிடுறது எண்டும் இல்லை."

நேசமலருக்கு இது புதிதல்ல. பிள்ளைகளைத் தவிட்டுக்கு விற்ற வீடுகளை அவள் கண்டிருக்கிறாள். அங்கெல்லாம் விற்ற கையோடு ஒளித்து ஒளித்துக் கொஞ்சுவார்கள். இராசேஸ்வரி சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். பால் கொடுக்கும்போது பார்வை முற்றத்தில் இருக்கும். குளிப்பாட்டும்போது வாய் திறக்காது. பிள்ளைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. துணி வெள்ளையாக இருந்தது, தொடையில் மடிப்பு விழும்படி சதை வைத்திருந்தது. தன் முகத்தை மட்டும் அவனுக்குக் கொடுக்கவில்லை.

புருஷனுக்கும் அதே கட்டளை. "பேசாத மனிசனுக்கு அது பெரிய காரியமே" என்றாள் ஸக்கியா.

மூன்றரை மாதத்தில் நேசமலர் போய்க் குந்தி, "என்ன ராசா, சுகமே?" என்று கேட்டாள். எண்ணினாள். பத்து வந்தது. பதினைந்து வந்தது. பிள்ளை அவளைப் பார்த்தான். பார்த்துவிட்டு, கதவு சாத்துவதுபோல மெதுவாக முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டான். மறுபடி கேட்டாள். அவன் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

பையில் இருந்த சிவப்பு நூல் உருண்டையை எடுத்து ஆட்டினாள். கண் கூடவே போயிற்று. காதோரம் சாவிக்கொத்தைக் குலுக்கினாள். உடம்பு சிலிர்த்து, கண் தேடியது. கண்ணும் சரி, காதும் சரி. அப்படியென்றால்? அவள் தன் புத்தகத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள். "ஒருக்கா வவுனியாவிலை டொக்டருக்குக் காட்டினால் நல்லது, பிள்ளை" என்றாள்.

"டொக்டருக்குக் காட்டுற வருத்தமில்லை இது" என்றாள் இராசேஸ்வரி. அன்றுதான் அவள் முதல்முறையாக நேசமலரின் முகத்தை நேரே பார்த்துப் பேசினாள். "அவன் சிரிக்கிறவன், மிசி. எங்களோடை இல்லை."

"ஆரோடை?"

"உச்சி வெயிலிலை. நான் குசினிக்குள்ளை நிக்கேக்கை. பின் சுவரைப் பாத்து. சிரிக்கிற சத்தம் கேக்கும். பிறகு 'ங்கூ' எண்டு சொல்லுவான். பிறகு சத்தமில்லை. திரும்ப 'ங்கூ'. திரும்பச் சத்தமில்லை. ஆரோ மறுமொழி சொல்லி முடிக்கிறதுக்குப் பொறுத்து நிக்கிற மாதிரி." அவள் விரல்கள் சேலைத் தலைப்பை முறுக்கின. "ஒரு நாள் எட்டிப் பாத்தனான். புருவத்தை உயத்தி, நாக்கு நுனியை வெளியிலை விட்டு... அது பத்மாவின்ரை பழக்கம். அவள் அப்பிடித்தான் ஆக்களைக் கூப்பிடுறவள். இவன் அவளைக் கண்டதில்லை. ஆர் பழக்கினது?"

நேசமலர் பாயில் கிடந்த பிள்ளையைத் திரும்பிப் பார்த்தாள்.

"வந்து இவனைக் கூப்பிடுறாள். அவளுக்குத் தனிய இருக்க ஏலாது, எப்பவும் ஆள் வேணும். நான் முடிவெடுத்திட்டன். ஸக்கியா ஆக்கள் வாற வெள்ளி கடையை விட்டுப்போட்டு முல்லைத்தீவுக்குப் போகினம். பிள்ளை அவையோடை போகட்டும். பேச்சுக்கு வித்தது உண்மையாகட்டும். அவ்வளவு தூரம் அவளுக்கு வழி தெரியாது."

அன்று செவ்வாய்க்கிழமை.

திரும்பி நடக்கும்போது நேசமலர் வழியில் இரண்டு தரம் நின்றாள். தனியே கிடக்கிற பிள்ளை கூரையில் ஆடும் வெளிச்சத்தைப் பார்த்துச் சிரிக்கும், தன்பாட்டில் சத்தமும் போடும். அது அவளுக்குத் தெரியும். ஆனால் அந்தச் சத்தம் ஓயாமல் ஓடும், வாய்க்கால் தண்ணீர் மாதிரி. நிறுத்தி, பொறுத்து, பிறகு சொல்லுவது வேறு. ஒரு முகம் பதில் தராவிட்டால் பிள்ளை இரண்டு மூன்று தரம் கேட்டுப் பார்க்கும், பிறகு சோர்ந்து கண்ணை எடுத்துவிடும். தன்னோடு அவன் செய்தது அதுதான். எந்த முகமும் பதில் தராது என்று படித்துவிட்ட பிள்ளை. அப்படிப்பட்டவன் நாள்தோறும் ஒரு சுவருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறான் என்றால், அந்தச் சுவர் பதில் சொல்கிறது.

உச்சி வெயிலில், யாருமில்லாத வாய்க்கால் வரம்பில், அந்த நினைப்பு அவளுக்கே பிடிக்கவில்லை. கழுத்துச் சிலுவையை ஒருமுறை தொட்டுக்கொண்டு நடந்தாள்.

மறுநாள் பதினொன்றரைக்கே போய்விட்டாள். இராசேஸ்வரி பிள்ளையைப் பின்பக்கச் சுவரோரம் பாயில் கிடத்திவிட்டு வந்தாள். சுவர் என்றாலும் தென்னோலைக் கிடுகுதான், அரைச்சுவர் மண்ணுக்கு மேலே கட்டியது. வீட்டில் அந்த மூலைதான் குளிர்மை. இரண்டு பெண்களும் குசினிக்குள் குந்தினார்கள். அடுப்பில் மரவள்ளி அவிந்துகொண்டிருந்தது. காகம்கூட வாய் மூடிவிட்ட நேரம்.

முதலில் கால்கள் பாயில் அடிபடும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

"ங்கூ."

நேசமலர் எண்ணினாள். ஒன்று. இரண்டு. மூன்று.

"ங்ங்... ஆ."

மறுபடி ஒன்றுமில்லை. ஒன்று, இரண்டு. பிறகு சிரிப்பு. தண்ணீர் நிரம்பி வழிகிற குடம் மாதிரி.

இராசேஸ்வரி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். "கேக்குதே? உங்களுக்கும் கேக்குதே?"

நேசமலர் வாசலில் கிடந்த செருப்பைப் போடாமலே வெளியே இறங்கினாள். வீட்டைச் சுற்றி, வாழைகளைத் தாண்டி, பின்பக்கம் போனாள்.

சின்னராசா கிடுகோரம் முழங்காலில் நின்றான். மண்வெட்டி பக்கத்தில் கிடந்தது. உடம்பெல்லாம் வயல் சேறு காய்ந்திருந்தது. கிடுகை இரண்டு விரலகலம் விலக்கி, அந்த இடைவெளிக்குள் முகத்தைக் கொடுத்திருந்தான். பக்கவாட்டில் நின்ற நேசமலருக்கு அவனுடைய பாதி முகம் தெரிந்தது. புருவம் மேலே போயிற்று. நாக்கு நுனி வெளியே வந்தது. வாய் பெரிதாகத் திறந்து, ஒரு சத்தமும் இல்லாமல், எதையோ சொன்னது. சொல்லிவிட்டு அவன் பொறுத்திருந்தான்.

உள்ளே இருந்து "ங்கூ" என்று வந்தது.

அவன் தலையை ஆட்டினான். மறுபடி வாயைத் திறந்தான்.

பாதிக் கதையைத்தான் இராசேஸ்வரி இவ்வளவு நாளும் கேட்டிருக்கிறாள். மற்றப் பாதிக்குச் சத்தம் இல்லை.

சுள்ளி ஒன்று முறிந்தது. சின்னராசா திடுக்கிட்டுத் திரும்பினான். களவெடுத்துப் பிடிபட்டவன் முகம்.

"சொல்லிப்போடாதேங்கோ மிசி."

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு மாசம் வரும்." நிலத்தைப் பார்த்தான். "நரி வெருட்டினாப்போலை சிரிச்சவன், பிறகு என்னைப் பாத்துச் சிரிச்சான். இந்த ஓட்டைக்குள்ளாலை, தற்செயலா. பிறகு வராமல் இருக்க ஏலேல்லை. வாய் திறந்தால் அவக்குக் கேட்டுப்போடும்."

"இந்தப் புருவமும் நாக்கும்?"

அவன் கையில் காய்ந்திருந்த சேற்றை உரித்தான். "அது மூத்தவள் எனக்குக் காட்டித் தந்தது. எனக்கு வேறை விதமாத் தெரியாது."

உள்ளே பிள்ளை கூப்பிட்டது. பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டது. கொஞ்சம் உரக்க. பிறகு சிணுங்கத் தொடங்கியது. சின்னராசாவின் முகம் தன்பாட்டில் அந்தப் பக்கம் திரும்பியது. அவனால் அடக்க முடியவில்லை. இடைவெளியில் முகத்தை வைத்தான். சிணுங்கல் நின்றது.

நேசமலர் நிமிர்ந்தபோது வாழைகளுக்குப் பக்கத்தில் இராசேஸ்வரி நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. சண்டை வரப்போகிறது என்று நேசமலர் நினைத்தாள். இராசேஸ்வரி புருஷனுடைய சேறு காய்ந்த முகத்தில் தன் மகளுடைய முகம் வந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உயர்ந்த புருவம். நாக்கு நுனி. அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

"அப்ப அவள் வாறதில்லையே?" என்று கேட்டாள். பயம் தெளிந்த குரலாக அது இல்லை. ஏதோ இரண்டாம் முறை பறிபோனது போல இருந்தது.

நேசமலர் அவளுடைய கையைப் பிடித்துத் தூக்கினாள். "வாரும். நீரும் ஒருக்கா இருந்து பாரும்."

"எனக்குத் தெரியாது, மிசி. மறந்துபோச்சு."

"நீர் ஒண்டும் செய்யவேண்டாம். அவன் சொன்ன பிறகு சொல்லும். அவ்வளவுதான்."

இராசேஸ்வரி கிடுகு இடைவெளியில் முகத்தை வைத்தாள். பிள்ளை பார்த்தான். சிரிப்புக்கு ஆயத்தமாக இருந்த முகம் இறுகியது. தெரிந்த முகம்தான். பதில் சொல்லாத முகம். அவன் கண்ணை எடுத்து, விரல்களைப் பார்க்கத் தொடங்கினான். இராசேஸ்வரி பின்வாங்கப் பார்த்தாள். நேசமலர் அவள் தோளில் கையை வைத்து அழுத்தினாள்.

"பொறும். எண்ணும்."

அடுப்பில் மரவள்ளி தீய்கிற மணம் வந்தது. ஒருவரும் அசையவில்லை. பிள்ளை ஒருமுறை திரும்பிப் பார்த்தான், கண்ணை எடுத்தான். மறுபடி திரும்பினான். இந்த முறை கண் கொஞ்சம் கூட நேரம் நின்றது. மூன்றாம் முறை, கேள்வி கேட்பதுபோல, மிகச் சின்னதாக, நாக்கு நுனி வெளியே வந்தது.

இராசேஸ்வரியின் புருவம் உயர்ந்தது. அழுதுகொண்டே உயர்ந்தது.

பிள்ளை அன்று அவளுக்குச் சிரிக்கவில்லை. வியாழன் பின்னேரம், பால் குடிக்கும்போது, குடிப்பதை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்துச் சிரித்தானாம். பால் கடைவாயால் வழிந்ததாம். இதைச் சொல்ல இராசேஸ்வரி மூன்று மைல் நடந்து நேசமலரின் குவாட்டர்ஸுக்கு வந்தாள்.

வெள்ளிக்கிழமை வண்டி வந்தது. ஸக்கியா புதுப் பிடவை உடுத்து, பிள்ளைக்கென்று தைத்த நாலு சட்டையை மடியில் வைத்திருந்தாள். இராசேஸ்வரி ஒரு பனையோலைப் பெட்டியை நீட்டினாள். உள்ளே இரண்டு கொத்துத் தவிடு.

ஸக்கியா பெட்டியைப் பார்த்தாள். வண்டிக்குள் இருந்த புருஷனைப் பார்த்தாள். பிறகு விரலால் தவிட்டைக் கிளறினாள்.

"நான் தந்தது இதைவிட நல்ல தவிடு" என்றாள். "இதுக்குள்ளை உமி கிடக்கு. ஏமாத்துறாய், என்ன?"

"உமியைப் புடைச்சுத் தரட்டே, அக்கா?"

"வேண்டாம், போ. மாட்டுக்கு வைக்கிறன்." சட்டைகளை அவள் கையில் திணித்துவிட்டு வண்டியில் ஏறினாள். வண்டி வளைவு திரும்பும்வரை அவள் முக்காட்டை முன்னுக்கு இழுத்துவிட்டு, திரும்பிப் பாராமல் இருந்தாள்.

பிள்ளைக்கு யோகலிங்கம் என்று பெயர் வைத்தார்கள். நேசமலர் தன் புத்தகத்தில் இருந்த கேள்விக்குறியை வெட்டினாள். வெட்டிய கோடு கொஞ்சம் அழுத்தமாக விழுந்து தாள் கிழிந்தது. அதற்குப் பிறகு அவள் கிளினிக்கில் பிள்ளையைக் கேட்டு முடிந்ததும் தாயையும் கேட்பாள். "நீர் இவனோடை கதைக்கிறனீரோ? கதைச்சால் அவன் சொல்லுறதுக்கு இடம் விடுறனீரோ?" ஒருசிலர் சிரித்தார்கள். ஒருசிலர் சிரிக்கவில்லை. சிரிக்காத வீடுகளுக்கு அவள் இரண்டாம் முறை போனாள்.

இரண்டரை வருடம் கழித்து அவளுக்குக் கனகராயன்குளத்துக்கு மாற்றம் வந்தது. சின்னராசா அவளுடைய ட்ரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துச் சந்தி வரை சுமந்து வந்தான். யோகலிங்கம் பின்னால் ஓடி வந்தான். வழியில் கண்ட மாடு, மரம், மதகு எல்லாவற்றுக்கும் ஏதாவது சொன்னான். சொன்னதற்கு ஒவ்வொரு முறையும் பதில் வேண்டி நின்றான்.

பஸ் தூரத்தில் புழுதி கிளப்பியது. சின்னராசா பெட்டியை இறக்கினான். துண்டால் முகத்தைத் துடைத்தான். அவன் எதையோ மனதில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறான் என்று நேசமலருக்கு அப்போதுதான் பட்டது.

"மிசி, அவ சொல்லவேண்டாம் எண்டவ. நீங்கள் போறியள், அதாலை சொல்லுறன். மூத்தவளும் உங்களுக்குச் சிரிச்சவள்."

"எப்ப?"

"பாலை மரத்தடியிலை. உடம்பு சுடுகுது எண்டு இவ கொண்டு வந்தவ. சரியான சனக்கூட்டம். நீங்கள் குனிஞ்சு சுகமே எண்டு கேட்டனீங்கள். அவள் புருவத்தை உயத்திச் சிரிச்சவள். சிரிக்கிற பிள்ளைக்கு ஒண்டுமில்லை, கொண்டுபோங்கோ எண்டனீங்கள். அடுத்த ஆளைக் கூப்பிட்டனீங்கள்." அவன் குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை. "மூண்டாம் நாள் போயிட்டாள். அதுக்குப் பிறகுதான் இவ சிரிப்புக்குப் பயந்தவ."

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் பெட்டியை மேலே ஏற்றச் சொல்லிச் சத்தம் போட்டான். யோகலிங்கம் கீழே நின்று, புருவத்தை உயர்த்தி, நாக்கு நுனியைக் காட்டிக் கையாட்டினான். அவளும் கையாட்டினாளா என்பது அவளுக்கு நினைவில்லை.

மருத்துவிச்சிமார் எழுதிவைக்கவேண்டிய நாட்குறிப்புகளை அவள் எறிவதில்லை. அறுபதாம் ஆண்டுக்குரியது பெட்டியின் அடியில் இருந்தது. கனகராயன்குளத்தில் போய் இறங்கிய அன்று பின்னேரமே எடுத்துப் பார்த்தாள். அந்த நாளுக்கு ஒரே பக்கத்தில் அறுபத்தெட்டுப் பெயர்கள். நாற்பத்தொன்றாவது வரி, அவளுடைய கையெழுத்தில்:

பத்மாசனி, ஐந்து மாதம். காய்ச்சல் என்று தாய் சொல்கிறாள். பார்த்துச் சிரிக்கிறாள். சுகம்.